c3 குதிரையை வெட்டுவதற்கு முன்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த ரேபிட் போட்டியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் தோற்றேன். தோற்றது பெரிய விஷயமில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு ஞாயிறு போட்டிகளுக்குப் போகிறவன் பள்ளிப் பிள்ளைகளிடம் தோற்றுப் பழகியிருப்பான். ஆனால் அன்றைக்குத் தோற்ற விதம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

நான் கறுப்பு, சிசிலியன் டிராகன் ஆடிக்கொண்டிருந்தேன். அவளுடைய ராஜா ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்து b1-இல் உட்கார்ந்திருந்தது. c3-இல் குதிரை. என் யானை c8-இலிருந்து அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது, ராணி a5-இல். டிராகன் ஆடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். கை தானாகத் துறுதுறுக்கும். யானையைத் தூக்கி c3 குதிரையை வெட்டினேன், Rxc3. கடிகாரத்தையும் கொஞ்சம் ஓங்கியே அடித்தேன்.

அவள் அதிர்ச்சியே காட்டவில்லை. e2-இல் இருந்த இன்னொரு குதிரையை எடுத்து c3-இல் வைத்து என் யானையை வெட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். நான் போர்டையே பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் c3-இல் என்ன இருந்ததோ அதேதான் இப்போதும் இருந்தது, ஒரு வெள்ளைக் குதிரை. மாறியது ஒன்றுதான், என் யானை பெட்டிக்குள் போயிருந்தது.

ஆட்டம் முடிந்ததும், "அங்கிள், e2-ல இன்னொரு குதிரை இருந்துச்சே, பாக்கலையா?" என்று கேட்டாள். பார்த்துத்தான் இருந்தேன். பார்த்தும் வெட்டினேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

யானைக்கு ஐந்து மதிப்பு, குதிரைக்கும் பிஷப்புக்கும் மூன்று, சிப்பாய்க்கு ஒன்று என்று எல்லோரும் படித்த கணக்குதான். (பிஷப்பை எங்கள் தாத்தா மந்திரி என்பார், பக்கத்து வீட்டில் ஒட்டகம். இங்கே பிஷப்.) யானையைக் கொடுத்துக் குதிரையையோ பிஷப்பையோ எடுத்தால் இரண்டு புள்ளி நஷ்டம். தெரிந்தே அந்த நஷ்டத்தை ஏற்பதற்குப் பெயர்தான் எக்ஸ்சேஞ்ச் சேக்ரிஃபைஸ். அதில் பல ரகம் உண்டு. 1953-இல் சூரிச்சில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியன் தன் யானையைக் கொண்டுபோய் e6-இல் நிறுத்தி, "வேண்டுமானால் பிஷப்பால் எடுத்துக்கொள்" என்று விட்டாரே, அது ஒரு ரகம். அங்கே அவர் எதையும் வெட்டவில்லை, எதிராளியின் சிப்பாய்களுக்கு அணை கட்டினார். நான் பேச வந்தது அதுவல்ல. எதிராளியின் ஒரு முக்கியமான காவல்காரனை யானையால் வெட்டி எடுப்பது பற்றி. அதற்குச் சிசிலியனில் வரும் Rxc3-ஐ விடப் பழக்கமான உதாரணம் கிடைக்காது.

அந்தக் குதிரை அங்கே என்ன வேலை செய்கிறது? c3-இலிருந்து குதிரை தாவக்கூடிய கட்டங்கள் எட்டு: a2, a4, b1, b5, d1, d5, e2, e4. இதில் வெள்ளையின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நான்கை விட்டுவிடுவோம். மீதி நான்கில் b5 கறுப்பின் சிப்பாய் வரும் இடம். மற்ற மூன்றும்தான் சிசிலியனின் மர்மஸ்தானங்கள். e4-இல் வெள்ளையின் நடுச் சிப்பாய் நிற்கிறது. d5-க்குக் கறுப்பு தன் d சிப்பாயைத் தள்ள முடிந்தால் பெரும்பாலும் கறுப்பின் கஷ்டம் தீர்ந்துவிடும், அதைத் தடுப்பதில் பெரிய பங்கு இந்தக் குதிரைக்கு. a4 வழியாகக் கறுப்புக் குதிரை ஒன்று உள்ளே நுழைந்தால் b2-வும் c3-வும் ஆட்டம் காணும். ஒரே ஆள் மூன்று வாசலில் காவல் நிற்கிறான். அவனை எடுத்தால் மூன்று வாசலும் ஒன்றாகத் திறக்கும். யானையைக் கொடுக்கலாம் என்ற யோசனையே அதிலிருந்துதான் வருகிறது.

இதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு சரயேவோவில் செர்கெய் மோவ்செஸியன் வெள்ளை, காஸ்பரோவ் கறுப்பு. அதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1999-இல் லாஸ் வேகாஸில் ஃபிடே நடத்திய நாக்-அவுட் உலக சாம்பியன் போட்டியில் கடைசிச் சுற்றுகள் வரை வந்த சிலரைக் காஸ்பரோவ் 'டூரிஸ்ட்' என்று சொல்லிவிட்டார். அதில் மோவ்செஸியனும் ஒருவர். அவர் சும்மா இருக்கவில்லை, பதிலுக்குத் திறந்த கடிதம் எழுதினார். அப்புறம் இருவரும் போர்டில் சந்தித்தபோது சுற்றியிருந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தை நீங்களே போர்டில் வைத்துப் பார்க்க, தேவையான இடம் வரை தருகிறேன்:

```
1. e4 c5 2. Nf3 d6 3. d4 cxd4 4. Nxd4 Nf6 5. Nc3 a6
6. Be3 e6 7. f3 b5 8. Qd2 Nbd7 9. O-O-O Bb7 10. g4 Nb6
11. Qf2 Nfd7 12. Kb1 Rc8 13. Bd3 Rxc3 14. bxc3 Qc7
15. Ne2 Be7 16. g5 O-O 17. h4 Na4 18. Bc1 Ne5 19. h5 d5
20. Qh2 Bd6 21. Qh3 Nxd3 22. cxd3 b4 23. cxb4 Rc8
24. Ka1 dxe4 25. fxe4 Bxe4
```

பதின்மூன்றாவது மூவில் நிறுத்திப் பாருங்கள். மோவ்செஸியன் அப்போதுதான் பிஷப்பை d3-இல் வைத்திருக்கிறார். வெள்ளையின் காய்கள் எல்லாம் வெளியே வந்தாயிற்று. கறுப்பின் ராஜா இன்னும் e8-இலேயே, கேஸ்லிங்கூட ஆகவில்லை. அந்த நிலையில் காஸ்பரோவ் யானையால் c3-ஐ வெட்டுகிறார். b2 சிப்பாய் திருப்பி எடுக்கிறது. யானை போனது, குதிரை வந்தது, கூட ஒரு சிப்பாய்கூடக் கிடைக்கவில்லை. e4-க்கு f3 சிப்பாயின் காவல் இருப்பதால் அங்கேயும் உடனே எடுக்க ஒன்றுமில்லை. முழுசாக இரண்டு புள்ளி நஷ்டம்.

அடுத்து அவர் ஆடியவைதான் என்னை முதலில் குழப்பியவை. நானாக இருந்தால் யானையைக் கொடுத்த பதற்றத்தில் செக், செக் என்று ஓடியிருப்பேன். அவர் ராணியை c7-இல் வைத்தார். பிஷப்பை e7-க்கு நகர்த்தினார். அப்புறம் நிதானமாகக் கேஸ்லிங் செய்தார். கடனை வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பும் ஆள் மாதிரி. இவ்வளவு நேரம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? வெள்ளையிடம் அதிகமாக இருக்கும் அந்த யானையால் இப்போதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. d1 யானைக்கு எதிரே சொந்த பிஷப்பே d3-இல் குறுக்கே நிற்கிறது. h1 யானைக்கு எதிரே சொந்த h சிப்பாய். திறந்த ஃபைல் கிடைக்காத யானைக்கு ஐந்து மதிப்பு என்பது காகிதத்தில் மட்டும்தான்.

இன்னொரு விஷயம், ராணி c7-க்கு வந்தது வெறும் அமைதியான மூவ் இல்லை. அது c3 சிப்பாயைக் குறிவைக்கிறது. அதைக் காப்பாற்ற வெள்ளை தன் d4 குதிரையை, போர்டின் நடுவில் ராஜா மாதிரி நின்ற குதிரையை, பின்னால் e2-க்கு இழுக்க வேண்டியதாயிற்று. அதாவது காஸ்பரோவ் ஒரு குதிரையை வெட்டினார், இன்னொரு குதிரையைச் சிப்பாய்க்குக் காவல் வைத்தார். என் சிறுமியின் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவளுடைய குதிரை வெட்டுவதற்கு முன்பே e2-இல் இருந்தது. மோவ்செஸியனின் குதிரை வெட்டிய பிறகு e2-க்கு வந்தது. கட்டம் ஒன்றுதான், வந்த நேரம் வேறு.

இனி மூன்று வாசல்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பதினேழாவது மூவ், Na4. b6-இல் இருந்த கறுப்புக் குதிரை a4-இல் இறங்குகிறது. c3 குதிரை உயிரோடு இருந்திருந்தால் அங்கே கால் வைத்திருக்கவே முடியாது, உடனே வெட்டுப்பட்டிருக்கும். இப்போது அங்கிருந்து c3-ஐயும் b2-வையும் மிரட்டுகிறது. வெள்ளை பிஷப்பை c1-க்கு, ராஜாவின் பக்கத்துக்கு, இழுத்துக்கொள்கிறது. பத்தொன்பதாவது மூவ், d5. சிசிலியன் ஆடுகிறவன் கனவு காணும் சிப்பாய் நகர்வு, தடுக்க ஆளில்லாமல் நடக்கிறது. இருபத்தைந்தாவது மூவ், Bxe4. b7-இல் ஆரம்பத்திலிருந்து காத்திருந்த பிஷப் நடுச் சிப்பாயை வெட்டுகிறது. a4, d5, e4. செத்துப்போன குதிரை காத்த அதே மூன்று கட்டங்கள், அதே வரிசையில்.

நான் இந்த ஆட்டத்தை எத்தனையோ தடவை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் மண்டபத்தில் தோற்ற பிறகுதான் இந்த மூன்று கட்டங்களைத் தனியாகக் குறித்துப் பார்க்கத் தோன்றியது. அதுவரைக்கும் "காஸ்பரோவ் யானையைக் கொடுத்தார், ராஜாவைச் சுற்றி உடைத்தார், ஜெயித்தார்" என்றுதான் என் ஞாபகத்தில் இருந்தது. உடைத்தது ராஜாவை மட்டும் இல்லை.

இடையில் வெள்ளை சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். g5, h4, h5 என்று சிப்பாய்களை மளமளவென்று முன்னே தள்ளுகிறார், ராணியையும் h ஃபைலுக்குக் கொண்டுவருகிறார். அது போலித் தாக்குதல் இல்லை. ஆனால் மேட் வைக்க அவருக்கு ஒரு ஃபைல் திறக்க வேண்டும், அது இன்னும் திறக்கவில்லை. கறுப்புக்கோ எல்லாம் திறந்தாயிற்று. இருபத்திரண்டில் b4 என்று தள்ளி, c3 சிப்பாய் அதை வெட்டியதும் c ஃபைல் முழுசாகத் திறக்கிறது. அங்கே ராணி ஏற்கெனவே c7-இல் நிற்கிறது. பின்னால் f8-இல் இருந்த இரண்டாவது யானை c8-க்கு வந்து நிற்கிறது. முதல் யானை எங்கிருந்து புறப்பட்டுப் போய் உயிரை விட்டதோ, அதே கட்டம்.

இருபத்தைந்தாவது மூவில் e4-ஐ வெட்டிய பிஷப்பை வெள்ளை d3 சிப்பாயால் எடுக்கலாமே என்று தோன்றும். எடுத்தால் d6 பிஷப் e5-க்கு வந்து செக் கொடுக்கும். a1-இல் இருக்கும் ராஜா b1-க்கு ஒதுங்கினால் ராணி c2-இல் இறங்கும், மேட். ராணிக்குப் பின்னால் c8 யானை, a1-ஐ e5 பிஷப் அடைத்துவிட்டது, a2-விலும் c1-இலும் சொந்தக் காய்கள். போர்டில் வைத்து ஒரு தடவை பாருங்கள், ஆசையாக இருக்கும். மோவ்செஸியன் அதனால் எடுக்கவில்லை. g சிப்பாயை g6-க்குத் தள்ளிப் பார்த்தார். கறுப்பு பிஷப் அப்படியே மூலைக்கு ஓடி h1 யானையை வெட்டியது. ஆட்டம் முழுக்க அந்த மூலையை விட்டு அசையாத யானை. அதோடு கொடுத்த கடனும் வட்டியோடு திரும்பியது, அப்புறம் சில மூவ்களிலேயே வெள்ளை ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு, சரி, சிப்பாய் திருப்பி எடுத்தால் c3-ஐ வெட்டலாம், குதிரை எடுத்தால் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். முதல் பாதி எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரிந்துகொள்ள அடுத்த வருஷம் இன்னொரு ஆட்டம் தோற்க வேண்டியிருந்தது.

அதுவும் டிராகன்தான். இந்தத் தடவை எதிரே என் வயசுக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெறப் போகிறவர். அவருடைய ராஜா b1-இல். e2-இல் குதிரை இல்லை, நன்றாக இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். யானையால் c3-ஐ வெட்டினேன், b2 சிப்பாய் திருப்பி எடுத்தது. எனக்கு வேண்டிய மாதிரியே ராஜாவுக்கு முன்னால் சுவர் இடிந்துவிட்டது. அந்த நிலையில் மூன்று, நான்கு மூவ் பொறுத்து இன்னொரு யானையையும் குதிரையையும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். எனக்கு c3 சிப்பாய் கண்ணை உறுத்தியது. ராணியால் வெட்டினேன். இரண்டு புள்ளி நஷ்டம் ஒரு புள்ளியாகக் குறைந்துவிட்டது என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

அவர் தன் ராணியை d4-க்குக் கொண்டுவந்து என் ராணிக்கு எதிரே நிறுத்தினார். d1-இல் யானை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பின்வாங்கினால் அவருடைய ராணி நடுவில் உட்கார்ந்துவிடும், மாற்றிக்கொண்டால் ராணிகள் இரண்டும் போர்டை விட்டுப் போய்விடும். யோசித்துப் பார்த்து மாற்றிக்கொண்டேன். அந்த நிமிஷத்திலிருந்து அவருடைய ராஜாவுக்கு எந்த ஆபத்தும் இல்லை. உடைந்த சுவருக்குள் நுழைய என்னிடம் ஆள் இல்லை. அது மட்டுமா? b2 சிப்பாய் c3-க்கு நகர்ந்ததால் காலியான b ஃபைல் இருக்கிறதே, அது யாருக்கு? அவர் ராஜாவை a1-க்கு நகர்த்திவிட்டு h1 யானையை b1-க்குக் கொண்டுவந்தார். என் b7 சிப்பாய் போனது, பின்னாலேயே a7 போனது. யானைக்கு நான் பணம் கொடுத்ததோடு சாலையும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே, "வெட்டினது தப்பில்ல சார். வெட்டிட்டு ராணிய விட்டீங்களே, அதுதான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று பிறகு காஸ்பரோவின் ஆட்டத்தை மறுபடி வைத்தபோது புரிந்தது. அவருடைய ராணி பதினான்காவது மூவில் c7-க்கு வந்து நின்றதுதான், நான் மேலே கொடுத்திருக்கும் கடைசி மூவ் வரை அங்கிருந்து நகரவே இல்லை. c3-ஐ வெட்ட ஓடவில்லை. மோவ்செஸியனின் ராணியோ f2, h2, h3 என்று எதிர்ப்பக்கத்திலேயே அலைந்தது. இரண்டு ராணிகளும் எங்கேயும் நேருக்கு நேர் வரவில்லை. யானை கொடுத்தவனுக்கு ராணி போர்டில் இருப்பது அவ்வளவு முக்கியம். காவல்காரனை எடுத்துவிட்டு, திறந்த வாசலில் நுழைய ஆளை அனுப்பாமல் இருந்தால் வாசலைத் திறந்ததில் என்ன பயன்?

உடனே மேட் விழுகிற ஆட்டங்களில் இந்தப் பொறுமையெல்லாம் தேவைப்படாது. கோச்சிங் போகிற எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும் மார்ஃபியின் 1858 பாரிஸ் ஓபரா ஆட்டத்தில் பதின்மூன்றாவது மூவ் Rxd7-கூட யானையைக் கொடுத்துக் காவல் குதிரையை வெட்டுவதுதான். ஆனால் அங்கே நான்கே மூவில் மேட் விழுந்துவிடுகிறது, கடைசி வரைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே கொடுக்கலாம். ராணியையே கொடுத்துத்தான் அந்த மேட் வருகிறது. சிசிலியனில் அப்படிக் கடைசி வரை பார்க்க முடியாது. பத்து மூவ் கழித்துத்தான் கொடுத்ததற்குப் பலன் தெரியும், அதுவரைக்கும் இரண்டு புள்ளி கடனோடு ஆட வேண்டும். என்னைப் போன்றவர்கள் தடுமாறுவது இந்தப் பத்து மூவில்தான்.

இனி எதிர்ப்பக்கம். மண்டபத்துச் சிறுமியின் e2 குதிரை எங்கிருந்து வந்தது? அவளாகக் கண்டுபிடித்தாளோ, கோச் சொல்லிக் கொடுத்தாரோ. ஆனால் அந்த மூவுக்குப் பிரபலமான ஆட்டம் ஒன்று இருக்கிறது. 1974-இல் மாஸ்கோவில் கார்போவுக்கும் கோர்ச்னோய்க்கும் கேண்டிடேட்ஸ் ஃபைனல், இரண்டாவது ஆட்டம். ஜெயிக்கிறவர் ஃபிஷரோடு உலகப் பட்டத்துக்கு ஆட வேண்டும் என்ற கட்டம். (ஃபிஷர் வரவில்லை, 1975-இல் கார்போவ் ஆடாமலேயே சாம்பியன் ஆனது தனிக் கதை.) கோர்ச்னோய் டிராகன் ஆடினார்.

```
1. e4 c5 2. Nf3 d6 3. d4 cxd4 4. Nxd4 Nf6 5. Nc3 g6
6. Be3 Bg7 7. f3 Nc6 8. Qd2 O-O 9. Bc4 Bd7 10. h4 Rc8
11. Bb3 Ne5 12. O-O-O Nc4 13. Bxc4 Rxc4 14. h5 Nxh5
15. g4 Nf6 16. Nde2 Qa5 17. Bh6 Bxh6 18. Qxh6 Rfc8
19. Rd3 R4c5 20. g5 Rxg5 21. Rd5 Rxd5 22. Nxd5 Re8
23. Nef4 Bc6 24. e5 Bxd5 25. exf6 exf6 26. Qxh7+ Kf8
27. Qh8+
```

பதினைந்தாவது மூவ் முடிந்த நிலையைப் பாருங்கள். கார்போவ் h சிப்பாயைக் கொடுத்து h ஃபைலைத் திறந்துவிட்டார். கறுப்பு ராஜாவை நோக்கி எல்லாம் தயார். நானாக இருந்தால் அடுத்த மூவிலேயே பாய்ந்திருப்பேன். அவர் என்ன செய்தார்? d4-இல் நடுவில் நின்ற குதிரையைப் பின்னால் e2-க்கு எடுத்துப் போனார். தாக்குதலுக்கு நடுவில் ஒரு பின்வாங்கல். c4-இல் நிற்கும் யானை c3-ஐ வெட்டினால் இனி குதிரைதான் திருப்பி எடுக்கும், சுவர் இடியாது, a4-க்கும் d5-க்கும் e4-க்கும் காவல் அப்படியே இருக்கும். மோவ்செஸியன் வெட்டுப்பட்ட பிறகு வைத்த அதே மூவை, கார்போவ் வெட்டுவதற்கு முன்னாலேயே வைத்துவிட்டார்.

கோர்ச்னோய் விட்டுவிடவில்லை. ராணியை a5-க்குக் கொண்டுவந்தார், பிறகு இரண்டாவது யானையையும் c8-இல் சேர்த்தார். இப்போது c3-ஐ இரண்டு யானையும் ஒரு ராணியும் பார்க்கின்றன. ஒரு யானையால் வெட்டி, குதிரை திருப்பி எடுத்தால், இன்னொரு யானையாலும் வெட்டலாம். இங்கே e2 குதிரைக்கு ஒரு சிக்கல்: தாக்குதலுக்கு அது f4-க்கு வர வேண்டும், ஆனால் அது நகர்ந்த நிமிஷமே c3 சரியும். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. அப்போது வந்ததுதான் பத்தொன்பதாவது மூவ், Rd3. பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். d1 யானை இரண்டு கட்டம் முன்னே வந்து நின்று, c3-ஐப் பக்கவாட்டில் காக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு e2 குதிரைக்குக் காவல் வேலையிலிருந்து விடுதலை. இந்த ஆட்டத்தில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்த மூவ் இதுதான், கடைசியில் வரும் அடிதடியெல்லாம் அப்புறம்தான்.

கறுப்பு யானை ஒன்று c5-க்குப் பின்வாங்கியது. கார்போவ் g சிப்பாயைக் g5-க்குத் தள்ளி, அதையும் கொடுத்து, அந்த யானையை c ஃபைலை விட்டே வெளியே இழுத்தார். அடுத்து குதிரை d5-க்குப் பாய வேண்டும். நேராகப் பாய்ந்தால் g5-க்கு வந்த யானை ஐந்தாம் வரிசையில் அதைப் பார்க்கிறது, யானையைக் கொடுத்து வெட்டிவிடலாம், கோர்ச்னோய் தேடிக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்ச் சேக்ரிஃபைஸ் வேறு இடத்தில் கிடைத்துவிடும். அதனால் முதலில் தன் யானையை d5-இல் வைத்தார். யானையும் யானையும் மாறின. திருப்பி எடுப்பதாகத்தான் c3 குதிரை d5-க்கு வந்தது. இப்போது அதை வெட்டக் கறுப்பிடம் அந்த வரிசையில் யானையே இல்லை.

மீதி வேகமாக முடிந்தது. e2 குதிரை f4-க்கு வந்தது, சிப்பாய் e5-க்கு நகர்ந்தது, f6-இல் இருந்த கறுப்பின் காவல் குதிரை விழுந்தது, h7-இல் ராணி இறங்கியது. 27.Qh8+ பார்த்ததும் கோர்ச்னோய் ஒப்புக்கொண்டார். கடைசி நிலையைப் போர்டில் வைத்துப் பாருங்கள். பதினாறாவது மூவில் a5-க்கு வந்த கறுப்பு ராணி ஓர் அங்குலம்கூட நகராமல் அங்கேயே நிற்கிறது. b4 காலி, பாதை தெளிவு. இன்னும் c3-ஐத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. c3-இல் யாரும் இல்லை.